பத்து நிமிடம் பனிக்கட்டித் தண்ணீரில்

என் இடது தொடை வலது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டியில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, பல மாதம் கால் சும்மா கிடந்ததால் வந்த வினை. தொடை சமமானால்தான் மறுபடி பேட்மிண்டன் ஆடலாம் என்று பிசியோ சொல்லிவிட்டாள். பேட்மிண்டன் கோர்ட்டை விட்டால் பாயா ரும்புட் என்ற இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. தனி வீடு, தனிச் சமையல். அலுவலகத்திலும் நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை.

அதனால் வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் செவ்வாயும் வெள்ளியும் கால் பயிற்சி. மறுநாள் படி இறங்கினால் உயிர் போகும். அந்த வலிக்குத்தான் அக்கா மருந்து காட்டினார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை; என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்த ஜிம்மிலேயே பழக்கமானவர். பல வருட ஹாக்கி ஆட்டக்காரர். செவ்வாய், வெள்ளியில் மட்டும் ஜிம்காரர் பின்பக்கத் தொட்டியில் மூட்டை மூட்டையாக ஐஸ் கொட்டுவார்.

“இறங்கு தங்கச்சி, மொத நிமிஷம்தான் சாவு. அப்புறம் பழகிடும்லாஹ். எனக்கு சனி, ஞாயிறு அடுத்தடுத்து மேட்ச் இருக்கு, இது இல்லாட்டி காலே தூக்க முடியாது.”

பன்னிரண்டு டிகிரித் தண்ணீரில் இடுப்பு வரைக்கும், எதிரெதிரே, பத்து நிமிடம். பல் தந்தியடிக்கும். குளிரை மறக்க ஏதாவது பேசியே ஆக வேண்டும். அப்படித்தான் என் விவாகரத்தைப் பற்றி முதன்முறையாக ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் மகன் குளுவாங்கில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்கிறான் என்று அவர் சொன்னார். எங்களுக்குத் தொட்டியில் வாரத்துக்கு இருபது நிமிடம். அதற்காகவே மற்ற நாட்களைத் தள்ளினேன்.

நான்கு மாதம் கழித்துப் பிசியோ டேப்பை எடுத்தாள். முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு தொடையையும் சுற்றி அளந்தாள். இன்னும் இரண்டரை சென்டிமீட்டர் குறைவு.

“சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. பயிற்சி முடிஞ்சதும் என்ன பண்றீங்க?”

“ஐஸ் தொட்டி.”

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். “வலி குறையும், அது உண்மைதான். ஆனா எடை தூக்கின பிறகுதான் தசை தன்னைக் கட்டிக்க ஆரம்பிக்கும். உடனே போய் குளிர்ல உட்கார்ந்தா அந்த வேலை மந்தமாகுது. வளர்ச்சி நின்னுடாது, குறையும். தினமும் மேட்ச் ஆடுறவங்களுக்கு நாளைக்குக் கால் வேணும், அவங்க உட்காரலாம். உங்களுக்கு வேண்டியது தொடை. கால் பயிற்சி இல்லாத நாள்ல உட்காருங்க.”

பயிற்சி இல்லாத நாளில் தொட்டியும் இல்லை, அக்காவும் இல்லை.

எனக்கு ரோஷம் அதிகம். உண்மைக் காரணத்தைச் சொல்லி, “தண்ணிக்குள்ள வரமாட்டேன், பக்கத்துல உட்கார்ந்து பேசட்டுமா” என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நான் இத்தனை நாள் பேச்சுக்காகத்தான் வந்தேன் என்பது தெரிந்துவிடுமே. “ஆபீஸ்ல வேலை அதிகம்க்கா” என்று பொய் சொல்லிப் பயிற்சி நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. போனும் வரவில்லை. நானும் செய்யவில்லை.

எடையைக் கூட்டினேன், ஐஸை விட்டேன். படி இறங்கும்போது வலித்தது, பொறுத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. ஐஸை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாள் பிசியோ, ஆனாலும் சிரித்தாள். இவ்வளவு சமமானால் போதும், கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள். இந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வெள்ளி மாலையே ஜிம்முக்குப் போனேன். தொட்டி காய்ந்து, அதற்குள் யோகா பாய்களை அடுக்கியிருந்தார்கள். “அக்கா மகன் வீட்டோட போயிட்டாங்க, ரெண்டு மாசம் ஆச்சு” என்றார் ஜிம்காரர். அங்கேயே நின்று போன் போட்டேன். தொடை சமமானதைச் சொன்னேன். ஐஸை விட்டதால்தான் வரவில்லை, வேலை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

“நான் ஹாக்கி விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுடி. எனக்கு எந்த மேட்சும் இல்ல. அந்தத் தண்ணி எனக்கு ஆகவே ஆகாது. நீ எதிர்ல உட்காருவியேன்னுதான் இறங்கினேன்.”

எனக்கும் அந்தத் தண்ணீர் பிடித்ததே இல்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மர பெஞ்சு, முன்பும் அங்கேதான் கிடந்தது. அதில் உட்கார்ந்து அழுதேன்.