ஏறாதே என்று எழுதிய வரி

என் வேலை சரிபார்ப்பது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து, நல்லதை உள்ளே விட்டு, ஆகாததைத் திருப்பி அனுப்புவேன். பத்து வருடமாக இதே வேலை. வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன் என்று என் புருஷன் கிண்டல் செய்வான்.

என் தோழி முன்பு எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தவள். இப்போது பக்கத்து கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறாள். புருஷன் விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. மகளுக்கு ஒன்பது வயது, கால் பலமில்லை. மாதம் இரண்டு தடவை திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போக வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஏறி இவளுடைய முதுகு போய்விட்டது. அதனால்தான் பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தாள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் மட்டும், "பொம்பளைக்கு இன்னாத்துக்கு காரு" என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் முடிவு மாறாது என்பது எனக்குத் தெரியும்.

வண்டி, தொழிற்பேட்டைக்குள்ளேயே மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் ஷெட்டில் நின்றது. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வா, பதினொன்றுக்கு வேறு பார்ட்டி வருகிறது என்று விற்கிறவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு எங்களுக்குக் கஸ்டமர் ஆடிட், பாகம் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து சோதிக்கிற நாள். லீவு கேட்க வாயே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன், அவள் கேட்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். உட்கார்ந்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் எழுதினேன்.

"டார்ச், பழைய துணி, வெள்ளைத் தாள், ஒரு சின்ன காந்தம் எடுத்துக்கோ. காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி கதவு, மட்கார்டு எல்லாம் வச்சுப் பாரு. ஒட்டாத இடத்துல அடிபட்டத மறைக்க பட்டி பூசியிருக்கு. பம்பர்ல ஒட்டாது, அது பிளாஸ்டிக், பயந்துக்காதே. முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லு. போனதும் பானெட்டத் தொட்டுப் பாரு, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்க. ஆயில் ஊத்துற மூடியைத் திருப்பிப் பாரு, உள்பக்கம் பால் மாதிரி இருந்தா வேணாம். சீட் பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழு. சேத்துக் கோடு தெரிஞ்சா வெள்ளத்துல நின்ன வண்டி." இப்படியே டயர் வரைக்கும் போனேன்.

அடுத்தது காகிதம். ஆர்சியில் இருக்கும் பேரும் விற்கிறவருடைய அடையாள அட்டையில் இருக்கும் பேரும் ஒன்றா. வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் ஆர்சியில் இருக்கும் எண்ணும் ஒன்றா. கடன் போட்ட வண்டியென்றால் பாக்கி இல்லை என்று பேங்க் கொடுத்த என்.ஓ.சி. இருக்கிறதா, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பாக்கி அபராதம். உன் ஒரிஜினல் ஆதாரைக் கொடுக்காதே, ஜெராக்ஸ் போதும்.

கடைசியில்தான் நாலு வரி அவளுக்காக எழுதினேன். "லைவ் லொகேஷன் போட்டு வை. கால் மணிக்கு ஒரு தடவ மெசேஜ் பண்ணு, டீ நேரத்துல பாத்துடுவேன். பணம் எடுத்துட்டுப் போகாதே. ஓட்டிப் பாக்கறதுன்னா நீதான் ஓட்டணும், கூட யார் ஏறுறாங்க, எந்த ரோடுன்னு எனக்குச் சொல்லாம வண்டியில ஏறாதே."

எழுதி முடித்தபோது பெருமையாகவே இருந்தது. ஓட்டை இல்லாத பட்டியல் என்று நினைத்தேன்.

இங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிப்டுக்கு வந்தால் கேட்டிலேயே போனைக் கொடுத்துவிடுவோம். செக்யூரிட்டி ஒரு மரப்பெட்டியில் வைத்து டோக்கன் தருவார். வருடக்கணக்காக இதே பழக்கம். யாராவது காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நின்றால், எங்கள் கை தானாகவே போனை நீட்டிவிடும்.

பத்தேகாலுக்கு டீ நேரம். கேட்டுக்கு ஓடிப் போய் என் போனை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதரைக்கு "வந்துட்டேன்" என்று ஒரு மெசேஜ். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. லொகேஷன் புள்ளி ஒரே இடத்தில் நின்றது. கூப்பிட்டேன், அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவை ஓர் ஆண் குரல் எடுத்தது.

"அந்தம்மா உள்ள கீறாங்க. போனு இங்க கேட்டுல கீது."

"போன எதுக்கு வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்கறதுதான? உள்ள வேற கம்பெனி சாமான்லாம் கீது."

வாட்ச்மேன். ஒன்பதரைக்குப் போனவள் போனை நீட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். நானே போயிருந்தாலும் நீட்டியிருப்பேன். அந்த ஒரு வரியை எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

சூப்பர்வைசரிடம் நேராகப் போனேன். அவுட் பாஸ் வேண்டும் சார் என்றேன்.

"ஆடிட் பார்ட்டி வந்துக்கினு இருக்காங்க, இப்பப் போய் இன்னாம்மா பேஜாரு பண்ற?"

"கையெழுத்து போட்டாலும் போறேன், போடலைன்னாலும் போறேன் சார்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்கூட்டியில் எட்டு நிமிடம். அந்தக் கேட்டுக்கு உள்ளே நீளமான சிமெண்டு ரோடு, இரண்டு பக்கமும் புதர். தூரத்தில் அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். என் பட்டியலைப் பேப்பரில் எழுதி மடித்துக் கையில் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தக் கார் ஊர்ந்து வந்தது. விற்கிறவர்தான் ஓட்டி வந்தார். தலையை வெளியே நீட்டி, "வெயில்ல எதுக்கும்மா நடக்கற, ஏறு, கேட்டுல வுட்டுர்றேன். ஒரு ரவுண்டு பாத்தாப்பலயும் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின் சீட்டில் இன்னொருவர் இருந்தார்.

"போனு வாங்கினு வரேன். ஃப்ரெண்டுக்கு சொல்லாம ஏற மாட்டேன்" என்றாள். நடையை அவள் மாற்றவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"பதினோரு மணிக்கு வேற ஆளு வந்தா வண்டி இருக்காது, சொல்லிட்டேன்."

"இல்லாட்டி போவுது."

என்னைப் பார்த்ததும் கார் நின்றது. அவர் இறங்கி, "நீங்களும் வந்துட்டீங்களா மேடம்" என்று சிரித்தார். அவர் கெட்டவரா, சும்மா அவசரப்பட்ட புரோக்கரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆர்சி வேறு ஒருவர் பேரில், அவர் நெல்லூரில் இருக்கிறாராம். பின் கதவில் காந்தம் ஒட்டவில்லை. அவள் போனபோதே பானெட் சூடாக இருந்ததாம். எல்லாவற்றுக்கும் அவள் பேப்பரில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

புதுவாயல் முனையில் டீக்கடையில் நின்றோம். அவள் டம்ளரை வாங்கிக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"அவன் ஏறுன்னு சொன்னப்போதான்டி போனு இல்லன்னு நெனப்பு வந்துச்சு" என்றாள். "ஷெட்டுல நாங்க மூணு பேருதான். நடந்துருவோம்னு நடந்துட்டேன்."

நான் பட்டியலில் விட்டுப்போனதைப் பற்றி ஆரம்பித்தேன். போனைக் கொடுக்காதே என்று எழுதியிருக்க வேண்டும், வெளியே ரோட்டில் வண்டியைக் கொண்டுவரச் சொல் என்று எழுதியிருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அவள் டம்ளரை எடுத்து டீயை ஊதினாள். "அம்மாம் பெரிய லிஸ்டு எழுதின. அதுக்கு நீ ஒரு நாளு எங்கூட வந்துருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆமாம், வந்திருக்கலாம். லீவு கேட்டுப் பார்க்கக்கூட இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

கம்பெனிக்குத் திரும்பினேன். ஆடிட் முடிந்து சூப்பர்வைசர் மூச்சு விட்டதும், அவளோடு வேறு வண்டி பார்க்கப் போக அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.