மாட்டேன் என்ற பதினாறு

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் வைத்த பெயர் ஜெராக்ஸ் டீச்சர். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குத் தாளை நகல் எடுத்து எடுத்து அந்த மெஷினே அவர் காலடிச் சத்தம் கேட்டால் சூடாகிவிடும் என்பார் விளையாட்டு வாத்தியார். டீச்சருக்குக் கணக்கென்றால் உள்ளுக்குள் கொஞ்சம் பயம். விடைத்தாள் கையில் இருக்கும்வரைதான் தைரியம்.

அந்த வருஷம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நிமிஷத்துக்கொரு கேள்வி கேட்பதால் எல்லாருக்கும் அவள் சில்வண்டு. நாற்பது பெருக்கல் கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். டீச்சர் மகிழ்ந்துபோய் இன்னொரு நாற்பது கொடுப்பார். அதையும் முடித்தால், இன்னும் பெரிய எண்களில் நாற்பது.

ஒரு புதன்கிழமை சில்வண்டு பாதித் தாளோடு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல டீச்சர். மெதுவா போட்டுப் பழகறேன்."

"ஏன்?"

"சீக்கிரம் முடிச்சா இன்னொரு தாள் வருமே."

டீச்சருக்குச் சுருக்கென்றது. கெட்டிக்காரத்தனத்துக்கு இவ்வளவு நாளாகத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தோமா? அன்று மாலை அலமாரியைக் குடைந்து, எப்போதோ பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்தார். அதில் ஒரு கேள்வி இருந்தது. விடை இல்லை. ஆனாலும் மறுநாள் கொண்டுபோனார்.

"ஒன்பதை நாலும் அஞ்சும்னு எழுதலாம். ரெண்டும் மூணும் நாலும்னும் எழுதலாம். இப்படி அடுத்தடுத்து வர்ற எண்களைக் கூட்டி எந்தெந்த எண்ணைக் கொண்டுவரலாம்? ரெண்டு எண்ணாவது வேணும், பூஜ்யம் கூடாது."

"எத்தனை கணக்கு டீச்சர்?"

"இது ஒண்ணுதான்."

சில்வண்டு சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். ஒன்றைத் தவிர ஒற்றைப்படை எண்ணெல்லாம் சுலபமாக வந்தன. ஆறும் பத்தும்கூட வந்தன. நாலு வரவில்லை. எட்டு வரவில்லை. பதினாறு வரவே வரவில்லை. பென்சிலை விட்டெறிந்துவிட்டு அழுதாள். அதுவரை அவளுக்கு வராத கணக்கே கிடையாது.

"பதில் சொல்லுங்க டீச்சர்!"

"எனக்கும் தெரியாதும்மா."

அழுகை சட்டென்று நின்றது. "நெஜமாவா?"

"சத்தியமா."

அந்தச் சின்ன முகத்தில் பரவிய சந்தோஷத்தை டீச்சர் இதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம்தான் கூத்து. வெள்ளிக்கிழமை சிறுமியின் அப்பா, பஸ் டிரைவர், பள்ளிக்கு வந்தார். "டீச்சர், எம்பொண்ணுக்கு அஞ்சாங்கிளாஸ் புத்தகத்தையே குடுத்துடுங்களேன். நேத்துலேருந்து ஒரே கணக்கைப் பாத்துட்டு உக்காந்திருக்கா."

"நீங்க முப்பத்திரண்டை முயற்சி பண்ணிப் பாருங்களேன்," என்றார் டீச்சர் அப்பாவியாக.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "டீச்சர், முப்பத்திரண்டும் வரல, அறுபத்திநாலும் வரல! கண்டக்டரும் போட்டுப் பாத்துட்டாரு!" டீச்சர் பல்துலக்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆசிரியர் அறையிலும் தொற்று பரவியிருந்தது. விளையாட்டு வாத்தியார் விசிலை மறந்து வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் கூட்டிக்கொண்டிருந்தார்.

வரவில்லை என்பது சரி, ஏன் வரவில்லை? அதைக் கண்டுபிடித்தது சில்வண்டுதான். பிளாஸ்டிக் கட்டைகளில் நாலு, அஞ்சு, ஆறு என்று படிக்கட்டு அடுக்கினாள். அதே மாதிரி இன்னொன்று செய்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டினாள். மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து. சரியான செவ்வகம்.

"டீச்சர், எந்தப் படிக்கட்டைச் சேர்த்தாலும் செவ்வகத்துல ஒரு பக்கம் ஒத்தை, ஒரு பக்கம் இரட்டை!"

"எப்பவுமேவா? எப்படிச் சொல்றே?"

"நீளம்னா முதல் படியும் கடைசிப் படியும் சேர்ந்தது. வரிசை இரட்டையா இருந்தா, அதுல ஒண்ணு ஒத்தை, இன்னொண்ணு இரட்டை. கூட்டினா ஒத்தை. வரிசை ஒத்தையா இருந்தா ரெண்டும் ஒரே மாதிரி. கூட்டினா இரட்டை!"

"அப்போ பதினாறு?"

"ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு. அதை ரெண்டு வரிசை பதினாறா வைக்கலாம், நாலு வரிசை எட்டா வைக்கலாம். எல்லாம் இரட்டை! ஒத்தைன்னா ஒண்ணுதான் இருக்கு. ஒரே வரிசை எப்படி டீச்சர் படிக்கட்டாகும்?"

டீச்சருக்குப் புல்லரித்தது. ஐம்பது வயதில் முதல்முறையாக ஒரு கணக்கு அவருக்கு முழுசாகப் புரிந்தது. விடைத்தாள் இல்லாமல். சில்வண்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கட்டைகளைச் சுற்றி ஆடவே ஆரம்பித்துவிட்டார். வகுப்பே எழுந்து குதித்தது. என்ன விபத்தோ என்று தலைமையாசிரியர் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல சார்," மூச்சு வாங்கியபடி சொன்னார் டீச்சர், "பதினாறு வராது!"

தலைமையாசிரியர் வாசலிலேயே நின்று யோசித்தார். "ஏழும் ஒன்பதும்...?"

"அடுத்தடுத்து வரணும் சார்!" என்று முப்பது குரல்கள் கத்தின.

சில்வண்டு யார் பக்கமும் திரும்பவில்லை. தரையில் குப்புறப் படுத்து, பதினைந்தை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்திருந்தாள்.