மேலே எண்பத்தொன்று, மாலையில் ஒன்றுமில்லை

"இன்றைய நிலவரம்: மேலிட விகிதம் எண்பத்தொன்று. மதியத்துக்கு மேல் போன் இல்லை." பிப்ரவரி மாதத்தின் முதல் திங்களன்று என் மச்சானுக்கு நான் அனுப்பிய செய்தி இது. இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிய எனக்கே, அவை ஒன்றையொன்று விளக்குகின்றன என்பது அன்று தெரியவில்லை.

அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் சாலையை ஒட்டி எங்கள் கடை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைத் தூக்கி, பழுது பார்த்து, திரும்ப இறக்கித் தருகிறோம். மச்சான், என் மனைவியின் அண்ணன், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். வேலைக்கு அவர் போவார். கணக்கும் இணைய விளம்பரமும் என் பொறுப்பு. போன் எடுப்பது ஒரு பெண். கடைக்கு இரண்டு வண்டிகள். இரண்டாவது வண்டியை ஓட்டுபவர் அந்தப் பெண்ணின் கணவர். அந்த வண்டிக்கு ஏப்ரல் வரை வேலை வருகிறதா பார்ப்போம், வராவிட்டால் விற்றுவிடுவோம் என்று பேசியிருந்தோம். அந்தப் பேச்சு அவள் காதுபடத்தான் நடந்தது.

அதற்கு முன், ஜனவரியில், டவுனுக்குள் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கல்யாணம். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் போர் போடும் ரிக் வண்டியிலும் மோட்டார் தொழிலிலும் இருப்பவர்கள். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனை எடுத்து, தேடுபொறியில் தொழிலின் பெயரைப் போட்டு, யார் கடை முதலில் வருகிறது என்று பார்ப்பது இப்போது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. மச்சானின் பங்காளி ஒருவர் போனை நீட்டினார்.

"ஏனுங்க, உம்பட கடையக் காணமே. ரெண்டு தடவ தேடிட்டேன். கடைய மூடிட்டீங்களாட்ட?"

"உங்க போனுக்குக் கண்ணு தெரியலீங்க," என்றார் மச்சான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வண்டியில் ஏறியதும் என்னிடம் திரும்பினார். "மாப்ள, நாளைக்கே மேல கொண்டாந்துருங்க. காசு போனாப் போவுது."

தேடுபொறியில் விளம்பர இடம் ஒவ்வொரு தேடலிலும் ஏலத்துக்கு வருகிறது. ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்று நாம் சொல்லிவைக்கிறோம். அதை உயர்த்தினால் மேலே வர வாய்ப்புக் கூடும், ஒவ்வொரு கிளிக்கின் விலையும் கூடும். உயர்த்தினேன். மேலிட விகிதம், அதாவது எங்கள் விளம்பரம் காட்டப்பட்ட மொத்த முறைகளில் சாதாரண முடிவுகளுக்கு மேலே காட்டப்பட்ட பங்கு, நூற்றுக்கு ஐம்பத்திரண்டிலிருந்து எண்பத்தொன்றுக்கு ஏறியது. மச்சான் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, பங்காளிக்கு அனுப்பினார்.

போன் எடுக்கும் பெண்தான் முதலில் முகம் சுளித்தாள்.

"அண்ணா, ரெண்டு மணிக்கு மேல போனே அடிக்கறதில்ல. சார்ஜ் போயிருச்சோன்னு நானே எடுத்து எடுத்துப் பாக்கறேன்."

"நேத்து?"

"நேத்தும்தான். இவரு வண்டியக் கழுவிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. இன்னும் கொஞ்சம் கழுவுனா பெயிண்ட் போயிரும்."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். அந்தப் பேச்சுதான் என்னை விளம்பரத்தின் மணிவாரி அறிக்கையைத் திறக்க வைத்தது. நாள் செலவுத் தொகையை, அதாவது விளம்பரத்துக்கு ஒரு நாளில் போகக்கூடிய உச்சவரம்பை, நான் உயர்த்தவில்லை. கிளிக் விலை ஏறிவிட்டதால் அந்தத் தொகைக்குக் குறைவான கிளிக்குகளே கிடைத்தன. தொகையை நாள் முழுக்கப் பரப்பத்தான் தேடுபொறியின் நிரல் முயல்கிறது. ஆனாலும் பல தேடல்களில் எங்கள் விளம்பரம் கலந்துகொள்ளவே இல்லை. மாலையில் அநேகமாக எதிலும் இல்லை. எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்து வருகிறது. மாலை முறை வந்து, சுவிட்சைப் போட்டு, தண்ணீர் ஏறவில்லை என்றதும்தான் விவசாயி போனை எடுக்கிறார். அந்த நேரத்தில் நாங்கள் இல்லை. ஆனால் மேலிட விகிதத்துக்கு இதில் எந்தக் கவலையும் இல்லை. காட்டப்பட்ட முறைகளுக்குள் மட்டும்தான் அது பங்கு கணக்கிடும். காட்டப்படாத தேடல்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை.

மச்சானிடம் சொன்னேன்.

"அப்ப எம்பத்தொண்ணு பொய்யா, மாப்ள?"

"பொய்யில்லீங்க மச்சான். பாதி நாளோட எம்பத்தொண்ணு."

மச்சான் போனை எடுத்துப் பார்த்தார். "பங்காளிக்கு வேற அனுப்பிட்டேன்," என்றார். பிறகு, அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கும்படி ஒன்று சொன்னார்: "செரி, எனக்காகப் பாக்காதீங்க. ரெண்டு வெதமும் போட்டுப் பாருங்க. எது வண்டிக்கு வேல தருதோ அது."

வெயில் ஏற ஏறத் தேடலும் ஏறும் காலம் அது. முன்பாதி, பின்பாதி என்று பிரித்தால் வெயிலின் பலனை விளம்பரத்தின் பலனாக எண்ணிவிடுவோம். அதனால் ஒரு வாரம் பழைய விலை, மறுவாரம் உயர்ந்த விலை என்று மாற்றி மாற்றி வைத்தேன். எந்த வாரமும் மாலைக்கு முன் தீர்ந்துபோகாதபடி நாள் தொகையைத் தாராளமாக வைத்தேன். வீட்டிலும் சொந்தத்திலும் எங்கள் கடையைத் தேடிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளிக் செய்யாமல் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேர்கிறது. தேடித் தேடிக் கிளிக் செய்யாதவரின் போனில் விளம்பரம் வராமலே போவதும் உண்டு. கல்யாண வீட்டில் நடந்தது அதுவாகவே இருக்கலாம்.

முடிவை எழுதிவைத்திருக்கிறேன். பழைய விலை வாரத்தில் சராசரியாக முப்பது அழைப்புகள், உயர்ந்த விலை வாரத்தில் முப்பத்து நான்கு. மொத்தச் செலவை மொத்த அழைப்புகளால் வகுத்தால் உயர்ந்த விலையும் தாங்கக்கூடியதாகவே தெரிந்தது. ஆனால் கூடுதல் செலவு முழுவதும் அந்த நான்கு அழைப்புகளுக்காகப் போனது. அந்த நான்கின் மேல் மட்டும் ஏற்றிப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் விலை மற்ற அழைப்புகளின் விலையைப்போல ஆறு மடங்கு வந்தது. அழைப்பில் பாதிதான் வேலையாகிறது. அப்படி இரண்டு அழைப்புகளுக்குப் போகும் செலவு, ஒரு வேலையில் கூலியும் டீசலும் போக நிற்பதைவிட அதிகம்.

அதோடு விட்டிருந்தால் மேலிடமே வேண்டாம் என்று முடித்திருப்போம். தேடிய சொற்களைப் பிரித்துப் பார்த்தேன். மோட்டார் விலை கேட்டுத் தேடியவர்கள் மெதுவாக, கீழே வரை இறங்கிப் படிப்பவர்கள். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் எங்களுக்கு அதே அளவு அழைப்புகள். மோட்டார் தூக்க ஆள் தேடியவர்கள் அப்படியில்லை. மேலே இருப்பவரை அழைத்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடுவார்கள். கூடுதலாக வந்த அழைப்புகள் ஏறக்குறைய எல்லாமே இவர்களுடையவை. எண்ணிக்கை சிறியது என்று குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அதை நம்பினோம். தூக்கும் வேலைச் சொற்களுக்கு மட்டும், எங்கள் வண்டி போய்வரும் தூரத்துக்குள், மின்சாரம் வரும் நேரங்களில் மட்டும் உயர்ந்த விலை. மற்றதெல்லாம் பழைய விலை.

மொத்த மேலிட விகிதம் அறுபதுக்குக் கீழே இறங்கியது. பங்காளி போன் செய்தார். மச்சான் அவரிடம் சொன்னதைக் கேட்டேன்: "ஆமாங்க, எறங்கிருச்சு. வண்டி ரெண்டும் வெளிய போயிருக்குதுங்க, அப்பறம் பேசறேன்."

மார்ச் கடைசி வாரத்தில், ஒரு மாலை, ஆத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா அழைத்தார். மோட்டார் போய், குழாயும் பாதி அரித்துப்போயிருந்தது. நான்கு நாள் வேலை. இரண்டாவது வண்டிதான் போனது. அவரைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டங்களும் அழைத்தன. ஏப்ரல் முதல் தேதி வந்தது. வண்டியை விற்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போன் எடுக்கும் பெண் அன்று எல்லோருக்கும் வடை வாங்கிவந்தாள். அவளுடைய அந்தப் பேச்சு இல்லாவிட்டால் எண்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டே வண்டியை விற்றிருப்போம்.

எங்களை எப்படிப் பிடித்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, "போன்ல மொதல்ல நீங்கதான் வந்தீங்க சாமி," என்றார். அந்த மணிக்கான அறிக்கையில் எங்கள் விளம்பரம் இரண்டு முறை மேலே காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் கிளிக் எதுவும் பதிவாகவில்லை. விளம்பரத்தில் இருந்த போன் எண்ணைப் பார்த்து அவர் கையால் அடித்திருக்கலாம். காசில்லாமல் வரைபடத்தில் வரும் எங்கள் கடைக் குறிப்பிலிருந்தும் அழைத்திருக்கலாம். எது என்று இதுவரை சரிபார்க்க முடியவில்லை.