சிவப்பு ஸ்வெட்டர் போன வழி

கூரியர் கிடங்கில் அவருக்கு டேப் அண்ணன் என்று பெயர். வழியில் பிய்ந்து வரும் பார்சல்களை மறுபடி கட்டி அனுப்புவது அவர் வேலை. பெல்ட்டில் ஒரு பெட்டி வாய் பிளந்து வந்தால் எல்லோரும் அவர் மேசையைத்தான் காட்டுவார்கள். பல்லால் டேப்பைக் கடித்து அறுப்பார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும். "வீட்டுல சோத்தையும் டேப் போட்டு ஒட்டித்தான் தின்பீங்களா?" என்று மனைவி கேலி செய்வாள். அவர் கட்டிய பெட்டி இரண்டாம் முறை உடைந்ததில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மேலாளர் மகா சிக்கனம். காற்றுக்குமிழ் வைத்த பபிள் உறையை அளந்துதான் கொடுப்பார். மிச்சத்துக்குப் பழைய அட்டை, கந்தல், கிழிந்த சாக்கு என்று கைக்குக் கிடைத்ததைத் திணித்துச் சமாளிக்க வேண்டும். டேப் அண்ணன் அதில் கில்லாடி.

அன்று புகார்ப் பிரிவுப் பெண் மடிக்கணினியோடு அவரிடம் வந்தாள்.

"அண்ணா, ஒரு அம்மா உயிரை எடுக்கறாங்க. போட்டோ பிரேம் கண்ணாடி உடைஞ்சு போயிருக்கு. அதைச் சுத்தி வச்ச சிவப்பு ஸ்வெட்டரைக் காணோமாம். அறிக்கை அனுப்பணும். உங்க மேசையில மறுபடி கட்டினதா ஸ்கேன் ஆகியிருக்கு, ஒரு தடவை கேட்டுக்கறேன்."

அவள் எழுதியதை வாசித்தாள். பதிவான இடம், கிடங்குக்கு வந்தது, பெட்டி கிழிந்திருந்தது, மறுபடி கட்டப்பட்டது, டெலிவரி ஆனது. உடைந்த கண்ணாடிக்கு இழப்பீடு. ஸ்வெட்டர் பதிவுச் சீட்டில் இல்லை. அது தொலைந்த காரணம் கண்டறிய இயலவில்லை.

"பிரேம்னு மட்டும்தான் கவுண்டர்ல எழுதியிருக்காங்க. அதனால இப்படியே முடிச்சிடுன்னு சார் சொல்லிட்டார்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்துப்போன சின்னப் பொண்ணோட ஸ்வெட்டராம். பெரிய பொண்ணுக்கு அனுப்பியிருக்காங்க" என்றாள்.

டேப் அண்ணன் கையிலிருந்த டேப் சுருளை மேசைமேல் வைத்தார்.

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பிரேமைச் சுற்றிய துணியில் கண்ணாடித் துண்டுகள் குத்திக்கொண்டு நின்றன. அனுப்பியவர்கள் பபிள் உறைக்கு வழியில்லாமல் பழைய துணியைச் சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தார். பாவம் பார்த்து, தன் பங்கிலிருந்து புது உறை எடுத்துப் பிரேமுக்குச் சுற்றினார். ஸ்வெட்டரை நாலு உதறு உதறினார். அடுத்து நின்ற பெட்டியில் ஒரு பீங்கான் ஜாடி ஆடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் அதற்குள் போனது. அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அந்த ஜாடியைக் கட்டிய விதத்தைப் பெருமையாகச் சொன்னார்.

"காரணம் தெரியும்மா. நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, யாருக்கும் தெரியாது. வேலை போயிடும்."

"எனக்குத் தெரியுதே. எழுது."

அன்று பிரேமுக்கு அடுத்து அவர் கட்டிய பெட்டியின் எண்ணைத் தேடி, ஜாடி போன வீட்டுக்கு அவள் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் சந்தோஷமாகப் பேசியது. "ஜாடி ஒரு கீறல் இல்லாம வந்துச்சுங்க. கட்டினவருக்கு நன்றி சொல்லுங்க. துணியா? அதுல தரையைத் துடைச்சுக் குப்பையில போட்டாச்சே. ஏன், வேணுமா?"

டேப் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பத்துச் சொச்சம் வயதில், பெட்டிகளுக்கு நடுவே நின்று தேம்பித் தேம்பி அழுதார்.

அறிக்கை உள்ளது உள்ளபடி போனது. எங்கள் ஊழியர் ஸ்வெட்டரை வேறு பார்சலுக்குத் திணிப்புத் துணியாக வைத்துவிட்டார், இனி மீட்க இயலாது என்று எழுதியிருந்தது. மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். விசாரணை முடியும்வரை மேசைப் பக்கம் போகாதே என்றார்.

மறுநாள் அந்த அம்மா போன் செய்தார். கட்டியவரிடம் பேச வேண்டும் என்றார். திட்டுவார் என்று டேப் அண்ணன் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றார்.

"நீங்கதானே கடைசியா அதைப் பக்குவமா கையில எடுத்தது?" குரல் அமைதியாக இருந்தது. "எப்படி வச்சீங்க? சும்மா கேக்கறேன், சொல்லுங்க."

"ஜாடியைச் சுத்தி வச்சேம்மா. நழுவாம இருக்க ஸ்வெட்டர் கை ரெண்டையும் இழுத்து முன்னாடி முடிச்சுப் போட்டேன்."



"அவ அதை ஒருநாளும் ஒழுங்காப் போட்டுக்கவே மாட்டா" என்றார் அந்த அம்மா. "எவ்வளவு குளிர்னாலும் இடுப்பைச் சுத்தி, கையை முன்னாடி முடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் திரிவா. நான் திட்டிக்கிட்டே இருப்பேன்."

பிறகு அந்த அம்மாவே கேட்டார்.

"ஜாடி உடையலையே?"

"உடையலைம்மா."

"சரி" என்று அந்த அம்மா போனை வைத்தார்.