திரும்பிப் பார்க்காமல் சொன்ன ஹோல்டான்

என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. புதுக்கோட்டை – கறம்பக்குடி தனியார் பேருந்தில் பதினெட்டு வருடமாகக் கண்டக்டர். நிலையத்தில் நின்று ஊர்ப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால், டீக்கடையில் பாதி டீயோடு இருப்பவர்கூடக் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார். அதனால், மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "மாமா, ஒங்க கொரலு வேணும்" என்று கேட்டபோது, இது என்ன பெரிய காரியம், அரைமணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன்.

அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருடமாகத் தனியாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். அது பேருந்து ஓட்டும் விளையாட்டு. ஆடுகிறவர்தான் டிரைவர். திரையில் முன்னால் இருக்கும் சாலை மட்டும்தான் தெரியும். கண்ணாடி கிடையாது. பின்னால் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், எப்போது நிறுத்துவது, எப்போது எடுப்பது, எல்லாவற்றையும் கண்டக்டரின் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. கண்டக்டர் இல்லாமல் வண்டி நகராது என்று ஒருவனுக்காவது தெரிந்திருக்கிறதே.

ஆனால் அந்தக் குரலில்தான் சிக்கல். முதலில் அவனே பேசிப் பதிவு செய்திருந்தான். ஆடிப் பார்த்த காலேஜ் பிள்ளைகள் ஐந்தாவது நிமிடத்தில் சத்தத்தை அடைத்துவிட்டார்கள். அடைத்துவிட்டு ஆட முடியாத விளையாட்டு அது. புது விளையாட்டுகளைக் காட்டும் ஒரு கண்காட்சிக்கு வெள்ளிக்கிழமைக்குள் மாதிரியை அனுப்ப வேண்டும். குரல் சரிவராவிட்டால் அனுப்பப்போவதில்லை, மூட்டை கட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. அவள் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்.

அவர்கள் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது, ஓயாத ஹாரன். எங்கள் வீடு சந்துக்குள் தள்ளி இருப்பதால் இங்கே வந்தான். படுக்கையறையின் குறுக்கே ஒரு மூங்கில் கம்பைக் கட்டி, வீட்டிலிருந்த சமுக்காளம், கம்பளி, போர்வை எல்லாவற்றையும் மூன்று பக்கமும் தொங்கவிட்டான். நான்காவது பக்கம் பீரோ. அதன் கதவைத் திறந்து வைத்து, சேலைகள் தொங்கட்டும், துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்றான். பழையதாக வாங்கிய ஒரு மைக். அதற்கு முன்னால் எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டியிருந்தான். 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதாமல் இருக்கவாம். லேப்டாப்பின் இரைச்சல் விழாமல் அதை வயர் நீளத்துக்கு வெளியே வைத்தான். ஃபேனை நிறுத்தினான், ஃபிரிட்ஜை நிறுத்தினான். பிறகு எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்தான். சும்மா இருப்பதையும் பதிவு செய்வார்களா என்று கேட்டேன். அறையின் இரைச்சல் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிறகு அதைக் குரலிலிருந்து கழிக்க முடியும் என்றான். வேர்த்து ஊற்றியது.

மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தான். முதல் வரி: "அண்ணே, பின்படியில் ஒரு வயதான அம்மா இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் நிறுத்துங்கள்." பேருந்தில் சொல்வதுபோலவே ஒரு சத்தம் போட்டேன். திரையில் கோடெல்லாம் சிவப்பாகிவிட்டது, குரல் உடைந்துவிட்டது என்று ஓடி வந்தான். சத்தத்தைக் குறைத்தேன். உயிரில்லை என்றான். கூட்டினேன். சிவப்பு. நாற்பது வரியை மத்தியானம் வரை படித்தேன். கடைசியில் அதை விளையாட்டுக்குள் போட்டு ஓட்டிக் காட்டினான். பள்ளிக்கூடப் பிரேயரில் உறுதிமொழி வாசிக்கிற பையனைப்போல ஒருவன் பேசினான். அது நான்தான். அதற்குமேல், அந்த வரி முடிவதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இறங்கிக்கொண்டிருந்த அம்மா விழுந்துவிட்டார் என்று திரையில் எழுத்து வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ எழுதினது சரியில்லை, மைக் சரியில்லை என்று கத்தினேன். அவன் வயரைச் சுருட்டினான். மனைவிதான் சொன்னாள்: "நீங்க வண்டியில எப்புடிப் பேசுறீங்கன்னு ஒங்களுக்கே தெரியல. நாளைக்கு டூட்டிதானே, கேட்டுட்டு வாங்க."

என் குரலை நானே கேட்டுவிட்டு வருவதா என்று முறைத்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை முதல் நடையிலேயே என்னையறியாமல் காது என் பேச்சின் பக்கம் போய்விட்டது. அன்று நான் கண்டதை இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. பதினெட்டு வருடமாக என் வாயில் குடியிருந்த ஒருவனை அன்றுதான் பார்த்தேன்.

"உள்ள போங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, கணக்கு தப்பிவிட்டது. ஆனால் ஒரு தடவை சொன்னதுபோல மறு தடவை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு மாதிரி, பூக்கூடைக்காரம்மாவிடம் ஒரு மாதிரி, படியில் தொங்கும் இளவட்டங்களிடம் வேறு மாதிரி. எதுவும் மூன்று சொல்லைத் தாண்டவில்லை. டிரைவரிடம் பேசும்போது எப்போதும் காரியம்தான் முதலில். விசிலை வாயில் வைக்க நேரமில்லாத அவசரத்துக்கு "ஹோல்டான்". கால் பிரேக்குக்குப் போன பிறகுதான் காரணம்: "ஆள் எறங்குது." மைத்துனன் எழுதியதில் காரணம் முதலிலும் காரியம் கடைசியிலும் இருந்தது. ஓட்டுகிறவனுக்கு அது உதவாது. கிடைத்த துண்டுத் தாள்களில் எல்லாவற்றையும் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் மத்தியான நடையில் தெரிந்தது. கூட்டத்துக்குள் என் ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருக்கிறது, கண் பின்படியில் இருக்கிறது, முகம் பின்பக்கம் பார்த்திருக்கிறது. "ஹோல்டான்" என்கிறேன். வண்டி நிற்கிறது. அந்தச் சொல் என் முதுகுப் பக்கமாகத்தான் டிரைவருக்குப் போகிறது! இந்த டிரைவர் அண்ணனோடு பதினோரு வருடம் ஓடியிருக்கிறேன்; ஓடும் வண்டியில் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நாங்கள் மைக்கை என் வாய்க்கு நேரே வைத்து, கண்ணுக்குக் கண் பார்க்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். அதனால்தான் பிரேயர் பையன் வந்திருக்கிறான்.

எங்களுக்கு ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. செவ்வாய்க்கிழமை மைத்துனனை வரச்சொல்லித் துண்டுத் தாள்களைக் கொட்டினேன். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான், முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஒரே வரியை ஐந்து விதமாகச் சொல்லித் தாருங்கள், கம்ப்யூட்டர் அவற்றைக் கலைத்துப்போட்டு எடுக்கும், ஒன்றையே அடுத்தடுத்து எடுக்காதபடி செய்துவிடுகிறேன், 'ஹோல்டான்' வந்தால் மற்றப் பேச்சு பாதியில் அறுந்துவிடும் என்றான். அந்தப் பெட்டி என் வண்டியின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஸ்டூலை எடுத்துவிட்டேன். நின்றேன். போர்வை தொங்கிய மூங்கில் கம்பை மேல்கம்பியாகப் பிடித்துக்கொண்டேன். தோளில் டிக்கெட் பை. சில்லறை குலுங்காமல் இருக்க உள்ளே துண்டை அடைத்துக்கொண்டேன். மைக்கை முகத்துக்கு முன்னால் வைக்க விடாமல் இடது தோளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னேன். அப்படி வைத்தால் குரல் மங்கலாக விழுமே என்று தயங்கினான். விழட்டும், டிரைவருக்கு அப்படித்தானே விழுகிறது என்றேன். எதிரே சேலைகள்தான் பயணிகள். மெல்லப் பேசுகிற வரிகளை முதலில் முடித்துவிட்டு, கத்தல்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். தொண்டை கட்டினால் மற்றது கெட்டுவிடும் என்றான். கத்தல்களுக்கு மைக்கின் அளவைக் குறைத்து வைத்தான்.

'ஹோல்டான்' மட்டும் வரவில்லை. ஆள் இறங்காமல் எப்படி வரும்? மனைவி அந்த ஸ்டூலைச் சேலைகளுக்குப் பக்கத்தில் போட்டு, கையில் ஒரு கூடையோடு அதன்மேல் ஏறி நின்றாள். பிறகு இறங்கினாள். ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே, கூடை ஒரு பக்கம் சாய்கிறது. எனக்குப் பகீரென்றது. "ஹோல்டான்! இருங்கண்ணே, இருங்க..." அவளுடைய இரண்டாவது கால் தரையில் பட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. "ரைட்" என்றேன். வெளியே மைத்துனன் எழுந்து நின்றுவிட்டது போர்வை இடுக்கில் தெரிந்தது. அவள் இன்னும் நான்கு தடவை இறங்கினாள், ஒவ்வொன்றும் ஒரு தினுசாக.

வியாழக்கிழமை ஓய்வில் டிரைவர் அண்ணனைக் கூட்டி வந்தேன். கம்ப்யூட்டரைத் தொட்டே பழக்கமில்லாதவர். எடுக்க ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், திருப்ப இரண்டு என்று மைத்துனன் காட்டிக்கொடுத்தான். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் எங்களுக்கும் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரையும் சேர்த்து வைத்தான். அண்ணன் திரையில் அரிமளம் போகும் சாலையில் வண்டியை எடுத்தார். பின்னால் நான் வழக்கம்போல் யாரையோ உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு நிறுத்தத்தில் நின்றார், "ரைட்" வந்ததும் எடுத்தார். கொஞ்சம் உருண்டதும் வந்தது அந்தக் குரல்.

"ஹோல்டான்!"

மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மேசை குலுங்கியது. விரல் மட்டும் பொத்தானில் அசையவே இல்லை. திரையில் வண்டி போய்க்கொண்டே இருந்தது, அம்மா விழுந்தார், ஆட்டம் முடிந்துவிட்டது என்று எழுத்து வந்தது.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார். "கண்டக்டர் தம்பி சத்தம் வந்துச்சு, காலு போயிருச்சுப்பா" என்று மைத்துனனிடம் தவறு செய்தவர்போலச் சொன்னார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்குவதைப் பார்த்து அக்காக்காரி போய் அவன் முதுகில் கை வைத்தாள். நான் அண்ணனின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாக என் சொல்லுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கால்தான். அதை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மைத்துனன் மாதிரியை அனுப்பிவிட்டான். சென்னைப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. அன்று நான் டூட்டியில் இருந்தேன். ஒரு நிறுத்தத்தில் வண்டி நகரத் தொடங்கியபோது பின்படியில் ஒருவர் கைப்பிள்ளையோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார். "ஹோல்டான்" என்றேன். இத்தனை ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்த வண்டி அந்த ஒரு சொல்லுக்கு நின்றது. பிள்ளையோடு அவர் பத்திரமாகத் தரையில் நின்றதைப் பார்த்துவிட்டு, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக முன்பக்கம் திரும்பி டிரைவரைப் பார்த்தேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, ரைட் சொல்லு" என்றார்.