வாஷியிலிருந்து வந்த பம்பளிமாஸ்

பம்பளிமாஸ் தோலின் வாசனையே எனக்கு இன்றும் ஆகாது. பழத்தின் மேல் குற்றமில்லை. அதை எங்கள் வீட்டுக்குச் சுமந்து வந்தவள் மேல்தான்.

செம்பூரில் மாமனார் எங்களோடு இருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின், பிரஷருக்கு நிஃபெடிபின், இரண்டும் அன்றாடம். என் நாத்தனாருக்கு வாஷியில் வீடு. பண்டிகைக்குப் பண்டிகை எட்டிப் பார்ப்பவள், கணபதி பூஜை முடிந்த கையோடு வாராவாரம் ஹார்பர் லைன் ரயிலில் வர ஆரம்பித்தாள். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தார்களாம், பம்பளிமாஸ் ஜூஸ் கொலஸ்ட்ராலைக் கரைத்துவிடும் என்று.

ஞாயிறுதோறும் என் சமையலறை மேடையில் மொத்தமொத்தமாகத் தோல் குவியும். அவள் பிழிந்து, பாட்டில்களில் ஊற்றி, வாரம் முழுவதற்கும் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போவாள். பிசுபிசுத்த மேடையைத் துடைப்பது என் வேலை.

"மாத்திரையெல்லாம் விஷம்ப்பா. இது பழம். குடிச்சிண்டே இரு, மாத்திரையைத் தானே குறைச்சுடுவா," என்பாள்.

"மாத்திரையோட இதுவும் ஒத்துக்குமான்னு டாக்டரைக் கேட்டுடலாமே, அக்கா" என்றேன் ஒரு முறை.

"கார்த்தால ஜூஸ், ராத்திரி மாத்திரை. நடுவுல எவ்வளவு நேரம் இருக்கு! சாத்துக்குடி குடிக்கறதுக்கெல்லாம் டாக்டரைக் கேப்பியோ?"

முதலில் தலைசுற்றல் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். கணுக்கால் வீங்கியது. அக்டோபர் வெயில் என்றார்கள். பிறகு தொடை வலித்தது. வாக்கிங் அதிகம் என்று சொல்லி அவள் தைலம் வாங்கி வந்தாள், கூடவே இன்னும் பெரிய பழங்களாக. கிளினிக்கில், "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமே இல்லை" என்று மாமனார் தலையை ஆட்டினார். பழம் மருந்தில் சேர்த்தியா என்ன!

ஒரு நாள் காலை பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார். கமோடை விட்டு எழ முடியவில்லை. நானும் கணவருமாகத் தூக்கினோம். கீழே பார்த்தேன். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பயத்தை விட அருவருப்புதான் முதலில் வந்தது. மூன்று பேர் கூடியிருக்கும் வீட்டில் ஒரு மனிதரை இந்த நிலைக்கு விட்டோமே என்ற அருவருப்பு.

ஆஸ்பத்திரியில் மராத்தி டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். தசைகள் உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது, டயாலிசிஸ் வரை போகலாம் என்றார். கொலஸ்ட்ரால் மாத்திரையை அன்றே நிறுத்தி, டிரிப் ஏற்றச் சொன்னார். அப்புறம்தான் கேட்டார், "பப்னஸ் காதே ஹை க்யா?" பம்பளிமாஸ் சாப்பிடுகிறாரா என்று.

நான் பாட்டில்களைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். குடலில் ஒரு பொருள் இருக்கிறதாம். இந்த மாத்திரைகளில் பெரும் பங்கை உடலுக்குள் விடாமல் அதுவே சிதைத்துவிடும். அந்தக் கணக்கில்தான் டாக்டர்கள் அளவு எழுதுகிறார்கள். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் அந்தப் பொருளைச் செயலிழக்கச் செய்துவிடும். அது புதிதாக ஊறி வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே காலை, ராத்திரி என்று பிரித்துக் குடிப்பதால் பயனில்லை. மாத்திரை ஒன்றுதான், ரத்தத்தில் சேர்வது மட்டும் கூடிக்கொண்டே போகும். தலைசுற்றலும் கால் வீக்கமும் பிரஷர் மாத்திரையின் கைவரிசையாக இருக்கலாம், தசையை உடைத்தது கொலஸ்ட்ரால் மாத்திரை என்றார்.

நாத்தனார் மாலையில் வந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "பாத்தியா? மாத்திரை விஷம்னு நான் அப்பவே சொல்லலையா?" என்றாள். பட்டும் புத்தி வரவில்லை. டியூபில் வடிந்த சிறுநீர் நிறைந்த பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அதை எங்கே வீசலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

நல்லவேளை, டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. சிறுநீர் மெல்லத் தெளிந்தது. டிஸ்சார்ஜ் அன்று, பம்பளிமாஸால் பாதிக்கப்படாத வேறொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சில வாரம் கழித்துத் தொடங்கலாம், ஆனால் பிரஷர் மாத்திரைக்காகப் பழம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

அவர் போனதும், "நாக்குக்குப் பிடிச்சதை விட்டுடணுமேப்பா" என்றேன். கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

மாமனார் கதவைப் பார்த்தார். நாத்தனார் பில் கட்ட வெளியே போயிருந்தாள்.

"யாருக்கும்மா பிடிச்சுது? ஒரே கசப்பு. வேண்டாம்னு சொன்னா அவ வரமாட்டாளேன்னு குடிச்சேன்."

தினமும் அவருக்குச் சோறு போட்டது நான். கமோடிலிருந்து தூக்கியது நான். அந்தப் பையைக் காலி செய்ததும் நான். வாரம் ஒரு முறை வருகிறவளுக்காக அவர் சிறுநீரகத்தையே கொடுக்கத் துணிந்திருந்தார், அதை என்னிடமே சொல்லவும் செய்தார். நான் குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டேன்.