அக்காவின் பெயரில் பில் இல்லை

அக்கா கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டினாள். அந்த வழியில் அப்போது அவள் ஒருத்திதான் பெண். மாமா இறந்த பிறகு வண்டியைக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, மகளைப் பொத்தேரியில் கல்லூரியில் படிக்க வைத்தாள். கேளம்பாக்கம் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தபோது அங்கே மின்விசிறி இல்லை. செங்கல்பட்டில் ஒரு கடையில் நான் ஒன்று வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக் கொடுத்தேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. மதிய சவாரி முடிந்து சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருக்கிறாள். மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி அப்படியே அறுந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் எனக்குப் போன் செய்தார். "தம்பி, சீக்கிரம் வா. மூஞ்சி பூரா ரத்தமா கீது."

அரசு ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவளுடைய தலையில் பாதி கட்டுக்குள் இருந்தது. இறக்கை வலது கண்ணைக் கிழித்து, கன்னத்து எலும்பை உடைத்திருந்தது. காயம் ஆறும், பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அக்கா அழவில்லை. "வண்டி இன்னாடா ஆவும்?" என்று மட்டும் கேட்டாள்.

கடைக்காரரிடம் போனேன். நல்ல மனிதர்தான், உட்காரவைத்து தண்ணீர் கொடுத்தார். "நாங்க சீல் வச்ச பெட்டிய அப்படியே கொடுக்கிறோம் சார். உள்ள இருக்கிறத நான் பார்த்தனா? கம்பெனியக் கேளுங்க" என்றார். கம்பெனி வட மாநிலத்தில் எங்கேயோ இருந்தது. போனில் பேசிய பெண் புகாரைப் பதிவு செய்துகொண்டாள்.

சில நாட்களில் வீட்டுக்கு ஒருவர் வந்தார், கையில் ஒரு புதுப் பெட்டியோடு. கம்பெனியின் சர்வீஸ் ஆள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

"புது ஃபேன் மாட்டித் தரோம். அந்த ஒடஞ்ச பீஸ மட்டும் கொடுத்துடுங்க, ஃபேக்டரியில செக் பண்ணணும்."

ஓர் ஆளையாவது அனுப்பினார்களே என்ற நினைப்பில், உடைந்ததை எடுத்துவர நான் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"குடுக்காத. இன்னாத்துக்கு அதயே கேட்டுகினு கீறாரு?" பிறகு அவரிடம், "அண்ணாத்த, புதுசயும் எடுத்துகினு கெளம்பு. இந்த வூட்ல இனிமே மேல எதுவும் சுத்தாது" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று செங்கல்பட்டு வக்கீல் அம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. நுகர்வோர் வழக்குகளையே எடுத்து நடத்துபவர். விசிறி தொங்கிய இரும்புத் தண்டுதான் உடைந்திருந்தது; துணியில் சுற்றி எடுத்துப்போன அதை வாங்கிப் பார்த்து, ஒட்டாதீர்கள், துடைக்காதீர்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று மறுபடி கட்டச் சொன்னார். விசிறி வாங்கிய பில்லைக் கேட்டார். கொடுத்தேன்.

"உங்க பேர்ல இருக்கு."

"ஆமா மேடம். நான்தான் வாங்கினேன்."

"அடிபட்டது அக்காவுக்கு. அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க."

அப்படியேதான் பிடித்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனியின் வக்கீல் தாக்கல் செய்த பதிலில் அது முதல் பத்தியிலேயே இருந்தது. இந்தப் பெண்மணி எங்களிடம் எதையும் வாங்கவில்லை, கடையிலும் வாங்கவில்லை, எங்களுக்கும் இவருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது என்று. இரண்டாவது, விசிறியை மாட்டியவர் சரியாக மாட்டவில்லை. மூன்றாவது, எங்கள் தொழிற்சாலையில் எல்லாப் பரிசோதனையும் முறையாக நடக்கிறது, எங்கள் பக்கம் கவனக்குறைவு இல்லை.

முதல் விஷயத்தை வாதத்தின்போது அந்த வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா பின் வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "நான் யாருன்னே தெரியாதுன்றான்" என்று காதோரம் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வக்கீல் அம்மா நிதானமாக எழுந்தார். தம்பி காசு கொடுத்து வாங்கினார், அக்கா பயன்படுத்த வேண்டும் என்றே கொடுத்தார். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. குறையுள்ள பொருளால் உடம்புக்குத் தீங்கு வந்தால் அதைத் தயாரித்தவரை நேரடியாகக் கேட்கலாம். நடுவில் ஒப்பந்தம் தேவையில்லை. தயாரிப்பிலேயே குறை இருந்தது என்று நாங்கள் காட்டினால் போதும், யார் எந்த இடத்தில் அசட்டையாக இருந்தார் என்று காட்ட வேண்டியதில்லை. இவ்வளவுதான் பேசினார்.

ஆனால் அந்தக் குறையைக் காட்ட வேண்டுமே. உடைந்த தண்டை ஆணையமே சீல் வைத்து ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. அதற்கான கட்டணத்தை முதலில் நாங்கள்தான் கட்ட வேண்டியிருந்தது. அறிக்கை வரத் தாமதமானது. அந்த நாட்களில் அக்கா பாதி தூக்கத்தில் முகத்தைக் கையால் மூடிக்கொள்வாள் என்று அவள் மகள் என்னிடம் சொன்னாள். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் சான்றிதழ் தர மறுத்துவிட்டார். ஒற்றைக் கண்ணோடு ஆளேற்றி ஓட்ட முடியாது. வண்டியைக் கோவளத்துக்காரர் ஒருவருக்கு விற்றோம். சாவியைக் கொடுக்கும்போது, ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அழுத்திப் போடு என்று அவரிடம் சொன்னாள்.

அறிக்கை வந்தது. தண்டின் உருக்குக்குள்ளேயே கசடு கலந்திருந்தது. போல்ட் கழன்றுவிடாமல் குறுக்கே ஊசி செருகத் துளையிட்ட இடத்தில் அந்தக் கசடை ஒட்டி விரிசல் தொடங்கி, விசிறி சுற்றச் சுற்ற அது வளர்ந்திருக்கிறது. கொக்கியிலும் போல்ட்டிலும் மாட்டியதில் தவறு ஏதும் இல்லை. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு முதலில் அதைத்தான் சொன்னேன். அந்த மனிதர் அதுவரை தன்னால்தான் விழுந்ததோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வழக்கில் நாங்கள் சேர்த்திருந்த கடைக்காரர் பொருளில் கை வைக்கவில்லை, தயாரித்தவர் யார் என்றும் தெரியும் என்பதால் அவரை விடுவித்தார்கள். தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு. கண்ணுக்கும், போன தொழிலுக்கும், பட்ட வேதனைக்கும் இழப்பீடு தர வேண்டும், அந்த விசிறியோடு ஒரே தொகுதியாகத் தயாரித்த மற்ற விசிறிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவு.

கம்பெனி சென்னையில் இருக்கும் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. போவதற்கே பாதித் தொகையை முன்னால் கட்ட வேண்டும் என்பதால் அதைக் கட்டினார்கள். அங்கேயும் அதே பேச்சு, எங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று. அங்கேயும் தோற்றார்கள். பணம் வந்து சேர்ந்தபோது அக்காவின் மகள் படிப்பை முடித்திருந்தாள்.

கடைசியாக வக்கீல் அம்மாவைப் பார்த்து நன்றி சொல்லப் போனோம். அவர் அக்காவுக்கு டீ வரவழைத்தார்.

"மேடம், கடையில கீறதத்தான திரும்ப எடுப்பாங்க. வூட்டுல மாட்டிட்டது?"

"அறிவிப்பு கொடுக்கணும் அம்மா. பார்க்கிறவங்க கொண்டு வந்து கொடுப்பாங்க."

"பாக்காதவங்க?"

வக்கீல் அம்மா டீ டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். டீயைக் குடித்து முடித்து வெளியே வந்தோம். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது ஒரு பைக் அவளுடைய வலது தோளை உரசிக்கொண்டு போனது. அது வருவதை அவள் பார்க்கவில்லை. நான் இடம் மாறி அவளுடைய வலது பக்கம் வந்து நடந்தேன்.